ஏற்ற இறக்கம் சரி, அடிக்கணக்கு தப்பு: பெரியப்பாவின் அணை வரைபடத்திலிருந்து எண்களை மீட்ட அனுபவம்

கல்லிடைக்குறிச்சியில் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் 22 கிராஃப் தாள்கள். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் பயிர் செய்த காலம் முழுக்க, காலையில் பேப்பரில் வரும் பாபநாசம் அணை நீர்மட்டத்தை அவர் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். மாதம் இரண்டு முறை, 1-ஆம் தேதிக்கும் 15-ஆம் தேதிக்கும் உரிய அளவை கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைத்து, முந்தைய புள்ளியோடு கோடு போட்டு இணைப்பார். வருஷத்துக்கு ஒரு தாள். நோட்டுகளைக் கரையான் தின்றுவிட்டது. தாள்கள் மட்டும் தகரப் பெட்டியில் இருந்ததால் தப்பின.

எனக்கு வேண்டியது அந்தத் தாள்களில் இருக்கும் எண்கள். கார் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் அணையில் எவ்வளவு இருந்தது, பிசானத்துக்கு நாற்றுப் பாவும்போது எவ்வளவு இருந்தது என்று வருஷவாரியாக ஒரு அட்டவணை போட்டுப் பார்க்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. 22 தாள், தாளுக்கு 24 புள்ளி, மொத்தம் 528 எண்கள். படத்தைப் பார்த்து விவரம் சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்றை என் கணினியிலேயே ஓட்டும்படி ஏற்கெனவே நிறுவி வைத்திருந்தேன். போட்டோ எடுத்துக் கொடுத்தால் எண்களைக் கக்கிவிடும் என்ற நம்பிக்கையில் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் தாள் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் கணக்கு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. பச்சை நிற மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள். நிமிர்ந்த பக்கம் 16 சென்டிமீட்டர், அதில் 0 முதல் 160 அடி வரை. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி என்பதால் அது போதும். அதாவது ஒரு சென்டிமீட்டர் 10 அடி, ஒரு மில்லிமீட்டர் ஒரு அடி. கிடைமட்டத்தில் ஒரு புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டராக 24 சென்டிமீட்டர். 20 அடிக்கு ஒரு முறை ஓரத்தில் எண் எழுதியிருப்பார். அச்சுக் கோடுகள் நீல மையில், மற்றதெல்லாம் பென்சிலில்.

ஏழாவது தாளைப் போட்டோ எடுத்து, இந்த வரைபடத்தை விவரி என்று கேட்டேன். வந்த பதிலைப் பெரியப்பாவிடம் தமிழில் வாசித்துக் காட்டினேன். வருஷத் தொடக்கத்தில் நடுத்தரமாக இருந்த மட்டம் கோடையில் படிப்படியாக இறங்கி மே மாதம் அடிமட்டத்தைத் தொடுகிறது, ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு ஏறி ஆகஸ்டில் ஒரு சிறு உச்சம், செப்டம்பர் கடைசியில் கொஞ்சம் சரிவு, நவம்பரில் வடகிழக்குப் பருவமழையால் செங்குத்தான ஏற்றம், டிசம்பரில் அந்த ஆண்டின் உச்சம். ஒரு வரி கூடத் தவறில்லை.

அடுத்து 24 தேதிக்கும் அடிக்கணக்கை அட்டவணையாகக் கேட்டேன். உடனே வந்தது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கு. ஆனா நவம்பர் ஒண்ணாந்தேதி நூறு அடின்னு போட்டிருக்கே, அது தப்புல. கோடைக்கு அப்புறம் மொத மொத நூறைத் தொட்ட புள்ளியை நான் சிவப்புப் பென்சில்ல சுழிச்சு வைப்பேன். அங்க சுழி இருக்கா பாரு."

சுழி இல்லை. அது அடுத்த புள்ளியில், நவம்பர் 15-இல் இருந்தது. ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தேன். நவம்பர் 1-இன் புள்ளி 9.6 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது 96 அடி. சரி, மற்றவற்றையும் பார்த்துவிடுவோம் என்று ஒவ்வொன்றாக அளந்தோம். மே 1-க்கு மாடல் சொன்னது 40, தாளில் 34. ஆகஸ்ட் 15-க்குச் சொன்னது 80, தாளில் 83. நவம்பர் 15-க்கு 120, தாளில் 117. டிசம்பர் 1-க்கு மறுபடியும் 120, தாளில் 126. டிசம்பர் 15-க்கு 125, தாளில் 131.

இந்த எண்களை உற்றுப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, மாடல் கொடுத்த 24 எண்களும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிகின்றன. அணை மட்டம் அப்படி ஒருபோதும் இருக்காது. 24 அளவுகளில் ஐந்தின் மடங்கு ஐந்தாறு இருந்தால் இயல்பு. இருபத்துநாலும் அப்படியே வந்தால் அளக்கவில்லை, பக்கத்து உருண்டை எண்ணைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். இரண்டாவது, டிசம்பரில் வந்த தவறு வேறு சாதி. 120, 120, 125 என்ற வரிசையைத் தாளின் 117, 126, 131 என்ற வரிசையோடு வைத்துப் பாருங்கள். மாடலின் டிசம்பர் 1 உண்மையில் நவம்பர் 15-இன் அளவு. அதன் டிசம்பர் 15 உண்மையில் டிசம்பர் 1-இன் அளவு. நவம்பர் 15-ஐ இரண்டு முறை வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு ஒரு புள்ளி பின்தங்கியே போயிருக்கிறது. உயரத்தில் மட்டும் தடுமாற்றம் என்று நினைத்திருந்தேன், தேதியிலும் தடுமாறியிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஸ்கேல் கூட வேண்டியதில்லை. மாடல் கொடுத்த எண்களை அதே அளவில் வரைந்து, அசல் போட்டோவின் மேல் சிவப்புக் கோடாகப் போட்டேன். இரண்டு கோடுகளும் ஒரே உருவம். ஆனால் சிவப்பு பென்சிலுக்கு மேலும் கீழும் குதித்து, கடைசியில் வலப்பக்கமாக ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஓடியது. அட்டவணையாகப் பார்த்தபோது நம்பும்படி இருந்த அதே எண்கள், மேலே வரைந்த உடனே காட்டிக்கொடுத்துவிட்டன. இப்போது எந்தப் படத்திலிருந்து எண் எடுத்தாலும் முதல் வேலையாக இதைத்தான் செய்கிறேன்.

படம் முழுவதையும் புரிந்துகொண்டு பேசுகிற ஒன்று, ஒரு புள்ளியின் உயரத்தை ஏன் சொல்ல முடியவில்லை? கையெழுத்துத் தாள், பென்சில், நிழல் என்று காரணங்களைத் தள்ளிவிட, உண்மை அளவு எனக்கு முன்கூட்டியே தெரிந்த சுத்தமான படங்களை நானே தயாரித்தேன். பைத்தானில் மேட்பிளாட்லிப் வைத்துப் பன்னிரண்டு தூண்கள், மாதத்துக்கு ஒன்று, உயரங்கள் தற்செயலாகத் தேர்ந்தவை:

```python
import numpy as np, matplotlib.pyplot as plt
v = np.random.default_rng(7).integers(25, 143, 12)
b = plt.bar(range(1, 13), v)
plt.ylim(0, 160)
plt.title("Papanasam dam level (ft)")
# plt.bar_label(b)
plt.savefig("test.png", dpi=150)
print(v)
```

கடைசிக்கு இரண்டு வரி மேலே இருக்கும் `bar_label` வரியைத் திறந்துவிட்டால் ஒவ்வொரு தூணின் தலையிலும் அதன் எண் அச்சாகும். அப்படி எண் அச்சான படத்தில் பன்னிரண்டும் சரியாக வந்தன. அந்த வரியை மூடியதும், அதே தூண்கள், அதே உயரங்கள், பதில்கள் மறுபடியும் ஐந்தின் மடங்குகளாக மாறி மூன்றடி, ஐந்தடி என்று விலகின. அடுத்து, 62 அடி உயரமுள்ள ஒரு தூணின் தலையில் வேண்டுமென்றே 91 என்று எழுதினேன். அந்தத் தூண் பக்கத்தில் நிற்கும் 88 அடித் தூணைவிடக் குட்டை என்பது யார் கண்ணுக்கும் தெரியும். மாடல் 91 என்றே சொன்னது.

இந்த மூன்றாவது சோதனைதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. வரைபடத்திலிருந்து எண் எடுப்பதில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. ஒன்று எழுத்தை வாசிப்பது, மற்றது நீளத்தை அளப்பது. எண் அச்சாகியிருக்கும் படத்தில் மாடல் செய்வது முதல் வேலை மட்டும். தூண் எவ்வளவு உயரம் என்று அது பார்ப்பதே இல்லை. எண் இல்லாத படத்தில் இரண்டாவது வேலையைச் செய்தாக வேண்டும், அங்கேதான் சறுக்குகிறது. அச்சான எண்கள் உள்ள படங்களை வைத்துச் சோதித்துவிட்டு ஒரு மாடல் வரைபடம் நன்றாக வாசிக்கிறது என்று முடிவு கட்டினால், எண் அச்சாகாத படத்தில் ஏமாந்துபோவோம்.

இன்னொரு சோதனையும் செய்தேன். உச்சம் ஏப்ரலில், பள்ளம் நவம்பரில் என்று இயற்கைக்கு நேர்மாறாக ஒரு படம். உருவத்தை மாடல் சரியாகவே சொன்னது, ஏப்ரலில் உச்சம் என்று. ஆனால் கடைசியில், வடகிழக்குப் பருவமழையால் ஆண்டின் பிற்பகுதியில் மட்டம் உயர்கிறது என்ற ஒரு வரியையும் சேர்த்தது. அந்தப் படத்தில் அப்படி எதுவும் இல்லை. தலைப்பை அழித்துவிட்டு அதே படத்தைக் கொடுத்தேன். பருவமழை வரி காணாமல் போனது. அப்படியானால் பெரியப்பாவின் தாளைப் பற்றி முதலில் அது சொன்ன அழகான விவரத்தில் ஒரு பங்கு கண்ணால் பார்த்தது, இன்னொரு பங்கு பாபநாசம், அணை, மாதங்கள் என்ற சொற்களைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே படித்து வைத்திருந்ததிலிருந்து சொன்னது. தாமிரபரணிக்கு இரண்டு மழையும் உண்டு என்பது எழுத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. மே 1-ஆம் தேதி 34 அடி என்பது இந்த ஒரு தாளைத் தவிர எங்கும் இல்லை.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். நான் நிறுவியிருந்த வகை மாடலில் படத்தைப் பார்க்கும் பகுதி, ஓப்பன்ஏஐ 2021-இல் வெளியிட்ட கிளிப் என்ற அமைப்பிலிருந்து வந்தது. எவ்வளவு பெரிய போட்டோ கொடுத்தாலும் அதை முதலில் 336-க்கு 336 பிக்சல் சதுரமாகச் சுருக்கிவிடும். பிறகு அந்தச் சதுரத்தை 14-க்கு 14 பிக்சல் துண்டுகளாக வெட்டும். ஒரு வரிசைக்கு 24 துண்டு, மொத்தம் 576. ஒவ்வொரு துண்டும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாறி, அந்த 576 வரிசைகள் மட்டுமே பதிலை எழுதும் மொழிப் பகுதிக்குப் போகின்றன. போட்டோ அங்கே போவதே இல்லை.

இதைப் பெரியப்பாவின் தாளில் வைத்துக் கணக்குப் போட்டேன். என் போனின் போட்டோ 4000-க்கு 3000 பிக்சல். அதில் தாளின் ஒரு சென்டிமீட்டர் ஏறத்தாழ 135 பிக்சல், அதாவது ஒரு அடிக்குப் பதிமூன்று, பதினாலு பிக்சல். தாராளம். ஆனால் 4000 என்பது 336 ஆகச் சுருங்கும்போது ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்காகிறது. ஒரு சென்டிமீட்டர் 11 பிக்சல் சொச்சம். ஒரு அடி ஒரு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல். மில்லிமீட்டர் கட்டங்கள் தனித்தனிக் கோடாகத் தெரிய, ஒரு கட்டத்துக்குக் குறைந்தது இரண்டு பிக்சலாவது வேண்டும், கோட்டுக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று. ஒன்றேகால் கூட இல்லாத இடத்தில் எல்லாம் கலந்து வெளிர்பச்சை மூட்டமாகிவிடும். அந்தச் சுருக்கத்தை நானே செய்து, படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரியப்பாவிடம் காட்டினேன். "கட்டத்தையே காணோமேல, அப்புறம் எதை வச்சு எண்ணும்?" என்றார். அவர் கண் புள்ளியின் உயரத்தை அறிவது பக்கத்துக் கட்டங்களை எண்ணித்தான். மாடலுக்குப் போன படத்தில் எண்ணுவதற்குக் கட்டமே இல்லை.

அதற்கு மேல் துண்டுக் கணக்கு. 14 பிக்சல் உயரமுள்ள ஒரு துண்டு, தாளில் ஏறத்தாழ 12 அடிக்குச் சமம். அகலத்திலும் அதே கதை: புள்ளிக்குப் புள்ளி ஒரு சென்டிமீட்டர், அதாவது 11 பிக்சல், துண்டோ 14. ஆகவே சில இடங்களில் இரண்டு புள்ளிகள் ஒரே துண்டுக்குள் விழுகின்றன. நவம்பர் 15 இரண்டு முறை வாசிக்கப்பட்டதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். துண்டுக்குள் எங்கே கோடு போகிறது என்ற தகவல் அந்த எண் வரிசையில் அறவே இருக்காது என்று சொல்லவில்லை. இருக்கலாம். ஆனால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அந்தப் பகுதிக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கிளிப் பழகியது இணையத்திலிருந்து எடுத்த 40 கோடி படங்களையும் அவற்றோடு இருந்த வாசகங்களையும் ஜோடி சேர்த்து. ஒரு படத்துக்கு உரிய வாசகம் எது என்று கண்டுபிடித்தால் போதும். கோடு மேலே ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வாசகத்தில் இருக்கக்கூடிய விஷயம். கோடு மூன்று பிக்சல் மேலே இருக்கிறதா என்பதை எந்த வாசகமும் சொல்லாது. தேவைப்படாத தகவலை அது காப்பாற்றி வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

இங்கேதான் விவரிப்பும் அளவும் பிரிகின்றன. நவம்பரில் செங்குத்தாக ஏறியது என்று சொல்ல, இந்தத் துண்டு அந்தத் துண்டைவிட மேலே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். உண்மை ஏற்றம் 30 அடியானாலும் 50 அடியானாலும் அந்த வாக்கியம் சரிதான். 12 அடி அகலமான துண்டுகளை வைத்துக்கொண்டே தப்பில்லாமல் பேசிவிடலாம். 96 என்ற பதிலுக்கு அப்படி இடமில்லை. கண் மங்கலாக 90-க்கும் 105-க்கும் நடுவில் எங்கேயோ என்று சொல்லும்போது, மொழிப் பகுதி ஏதாவது ஒரு எண்ணை எழுதித்தான் ஆக வேண்டும். அது எழுத்தில் அதிகம் பார்த்த, ஓரத்திலும் எழுதியிருக்கிற 100-ஐத் தேர்ந்துகொள்கிறது. 90-க்கும் 105-க்கும் இடையில் என்று நம்மிடம் சொல்லியிருந்தால் எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். ஆனால் அட்டவணையில் கேட்டால் அட்டவணையில்தான் வருகிறது, ஐயமே இல்லாத தோரணையில்.

இந்தத் துறையில் வரைபடக் கேள்விகளுக்கென்று தனித் தொகுப்புகள் இருக்கின்றன. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட பிளாட்-க்யூஏ ஒன்று. 2022-இல் வந்த சார்ட்-க்யூஏ இன்னொன்று. சார்ட்-க்யூஏவில் எண் பதில்களுக்கு 5 சதவீதம் வரை விலகலை மன்னித்துச் சரி என்று மதிப்பெண் போடுவார்கள். நம் தாளில் இதைப் போட்டுப் பார்த்தேன். 96-க்கு 100 என்றது 4 சதவீதச் சொச்சம், ஆகவே சரி. 83-க்கு 80 சரி. 117-க்கு 120 சரி. டிசம்பர் மாதத் தள்ளாட்டம் இருக்கிறதே, 126-க்கு 120, 131-க்கு 125, அவையும் 5 சதவீதத்துக்குள் அடங்கிச் சரியாகிவிடுகின்றன! மே மாதத்து 40 மட்டும் தவறு. பலவகை வரைபடங்களை ஒரே தட்டில் நிறுக்க அப்படியொரு விதி தேவைப்பட்டிருக்கும், அதில் குறை காணவில்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து மாடலைத் தேர்வு செய்பவர்கள், அந்த மதிப்பெண்ணில் சரி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரியப்பாவுக்கு ஆறடி என்பது மதகை இன்று திறப்பார்களா, இன்னும் காத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி.

காரணம் தெரிந்ததும், படத்தை வெட்டிக் கொடுத்துப் பார்த்தேன். ஆறு சென்டிமீட்டர் சதுரமாக ஒரு பகுதியை வெட்டினால் அது முழுதாக 336 பிக்சலை நிரப்பும். ஒரு அடி ஐந்தரை பிக்சல் ஆகும், ஒரு துண்டு இரண்டரை அடிதான். ஆனால் வெட்டும்போது ஓரத்து எண்கள் போய்விடும். முதல் முறை அதைக் கவனிக்காமல் கொடுத்தேன். அளவுகோலே இல்லாத படத்துக்கும் மாடல் தயங்காமல் எண் சொன்னது. பிறகு, வெட்டிய படத்தின் மேலேயே 80, 100, 120 கோடுகளின் பக்கத்தில் பெரிதாக எண்ணை எழுதிக் கொடுத்தேன். நவம்பர் 1-க்கு 95 வந்தது. நவம்பர் 15-க்கு 118. நல்ல முன்னேற்றம். விலகல் ஒன்று முதல் மூன்றடிக்குள் அடங்கியது. கிடைமட்டக் கோடுகள் அழுத்தமாக இருந்த இடங்களில் இன்னும் குறைந்தது, ஏனென்றால் வலக் கோடியில் இருக்கும் புள்ளியை இடக் கோடியில் இருக்கும் எண்ணோடு பொருத்த அதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஆனாலும் ஐந்தின் மடங்கு மோகம் முழுதாகப் போகவில்லை. பெரிய படத்தைத் தானே பல பகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்கும் புதிய மாடல்கள் செய்வதும் ஏறத்தாழ இந்த வெட்டு வேலைதான். அவற்றில் துண்டுக்கு இத்தனை அடி என்ற கணக்கு குறையும், பூஜ்யமாகாது. நம் படம் எந்த அளவுக்குச் சுருங்கி உள்ளே போகிறது என்று பார்த்து, ஒரு துண்டு நம் அளவில் எத்தனை அடி என்று வகுத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. விடை நமக்கு வேண்டிய நுட்பத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் எண் கேட்காமல் விட்டுவிடலாம்.

கடைசியில் வேலையைப் பிரித்துக்கொண்டேன். எந்த வருஷத் தாள், ஓரத்து எண்கள் என்ன, பெரியப்பா நடுநடுவே என்ன குறித்திருக்கிறார் என்பதையெல்லாம் நானே பார்த்துத் தட்டச்சு செய்தேன். உயரத்தை அளக்கும் வேலையைப் பிக்சல் கணக்குக்குக் கொடுத்தேன். WebPlotDigitizer போன்ற கருவியில் ஒவ்வொரு அச்சிலும் இரண்டு இடங்களைக் குறித்துவிட்டுப் புள்ளிகளைச் சொடுக்கினாலும் இதே பலன்தான். எல்லாத் தாளும் ஒரே அமைப்பு என்பதால் நான் ஓப்பன்சிவியில் எழுதிக்கொண்டேன். கட்டத்தின் நான்கு மூலைகளை மட்டும் கையால் குறிக்க வேண்டும். சாய்வாக எடுத்த போட்டோ நேராகி, ஒரு அடிக்குச் சரியாக 14 பிக்சல் என்று அமையும்.

```python
import cv2, numpy as np
img = cv2.imread("thaal7.jpg")
src = np.float32([[412,371],[3655,402],[3631,2590],[398,2566]])
dst = np.float32([[200,240],[3560,240],[3560,2480],[200,2480]])
M = cv2.getPerspectiveTransform(src, dst)
g = cv2.warpPerspective(img, M, (3760, 2680))[:, :, 1]
for k in range(24):
    x = 200 + 140*k
    col = g[250:2465, x-6:x+7].mean(axis=1).reshape(-1, 1)
    y = 250 + int(np.argmin(cv2.blur(col, (1, 9))))
    print(k, round((2480 - y) / 14, 1))
```

இதில் ஒரு இடம் எனக்கு மிகவும் பிடித்தது: `[:, :, 1]`. படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் பச்சையை மட்டும் எடுக்கிறது. பச்சைக் கட்டக் கோடு பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்த அடுக்கில் தாளோடு தாளாக வெளுத்துவிடும். பென்சில் கரி மூன்று நிறத்தையும் விழுங்குவதால் கறுப்பாகவே நிற்கும். கட்டம் மறைந்து, பெரியப்பாவின் கோடு மட்டும் திரையில் வந்தபோது இருவருமே கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நவம்பர் 1-க்கு மிகக் கறுப்பான இடம் 1136-ஆவது வரிசையில். 2480-இலிருந்து கழித்தால் 1344. 14-ஆல் வகுத்தால் 96.

இதிலும் பிசகு உண்டு. ஜனவரி 1-இன் எல்லா அளவுகளும் குப்பையாக வந்தன, ஏனென்றால் அந்தப் புள்ளி நீல மை அச்சின் மேலேயே இருக்கிறது. அந்த நெடுவரிசை முழுக்கக் கறுப்பு. 22 எண்களையும் ஸ்கேலால் அளந்தேன். பெரியப்பா சில இடங்களில் கோட்டுக்கு மேலே "தண்ணி தொறப்பு" என்று எழுதியிருப்பார். அந்த எழுத்து புள்ளியின் நேர்மேலே விழுந்த இடங்களில் நிரல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு 150 அடி என்றது. முழு மட்டமே 143 என்பதால் அது உடனே தெரிந்துவிட்டது. எழுத்து கோட்டுக்குக் கொஞ்சம் மேலே மட்டும் இருந்த நான்கு இடங்கள், எண்களை அசல் படத்தின் மேல் வரைந்து பார்த்தபோதுதான் தெரிந்தன. பென்சில் புள்ளியே ஒரு மில்லிமீட்டர் அகலம் என்பதால் அரை அடிக்குக் கீழே எதையும் நம்புவதற்கில்லை; பேப்பரில் வந்திருக்கக்கூடிய தசமங்கள் தாளில் ஏறவே இல்லை, அவை கரையானோடு போயின. அட்டவணையில் எல்லா அளவையும் முழு அடிக்குத் திருத்தித்தான் போட்டிருக்கிறேன்.

19 தாள்கள் முடிந்தன. மூன்று தாள்களில் ஈரம் பட்டு காகிதம் ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறது. நான்கு மூலையை வைத்து நேராக்கினாலும் நடுவில் ஒரு அடி, ஒன்றரை அடி விலகுகிறது. அவற்றை 20 அடிக்கு ஒரு பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டைக்கும் மேல்கோடு கீழ்கோட்டைத் தனியாகக் குறித்து அளக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்குத்தான் கல்லிடைக்குறிச்சி போகிறேன். ஸ்கேலையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து வைத்திருப்பதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார்.